அந்தப் பூஜ்யத்துக்குள் ஒருத்தருடைய ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது

கேள்வி: திருப்பூரில் அப்பாவின் பனியன் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. நூல் ஸ்டாக்கை டேலி, பெரியப்பா மகன் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பழைய ப்ரோக்ராம், இரண்டு வருடம் முன்பு வாங்கிய ஈஆர்பி என்று மூன்று இடத்தில் ஏற்றுகிறோம். எதை நிறுத்தலாம் என்று பார்க்க, செலவுக்கு 30, ரிஸ்க்குக்கு 30, தொழிலுக்கான பயனுக்கு 40 என்று வெயிட்டேஜ் வைத்து ஐந்துக்கு மார்க் போட்டேன். 5 என்றால் நல்லது. அண்ணன் ப்ரோக்ராமுக்கு 5, 3, 4. ஈஆர்பிக்கு 1, 4, 3. அண்ணன் காசு வாங்குவதில்லை, அதனால் செலவு பூஜ்யம். வேறு கம்பெனியில் வேலை பார்த்தாலும் ஞாயிறு தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவார். போன ஆடியில் அவருக்கு ஸ்டென்ட் வைத்தபோதுகூட ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் சொல்லிச் சரிசெய்து கொடுத்தார். 4.0-க்கு 2.7 என்பதால் ஈஆர்பியை நிறுத்திவிடலாம் என்கிறார் அப்பா. என் கணக்கு சரியா?

பதில்: ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்தவருக்குப் போன் போட்டு, "அண்ணா, டெலிவரி சலான் பிரிண்ட் ஆக மாட்டேங்குது" என்று சொன்னது யார்? நீங்களா, அப்பாவா, இல்லை ஸ்டோர்ஸில் இருக்கும் பையனா? யாராக இருந்தாலும் வீட்டில் ஒருத்தர்கூடத் தடுக்கவில்லை. அண்ணனின் பாசத்துக்குச் சாட்சியாக அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்கள் தாளில் இருக்கும் மூன்று மார்க்கையும் கெடுக்கும் வரி.

முதலில் செலவு. காசு வாங்குவதில்லை என்கிறீர்கள். யாராவது கொடுத்துப் பார்த்தீர்களா? கையில் கவரை வைத்து அவர் தள்ளிவிட்டிருந்தால் அது வேறு. கேட்காமலே இருந்துவிட்டு "வாங்க மாட்டார்" என்பது நம் குடும்பங்களில் காலம் காலமாக நடக்கிற ஏமாற்று. அரை நாள் வீதம் 52 ஞாயிறு என்றால் 26 நாள். வெளியிலிருந்து ஆள் வந்தால் நாளுக்கு 4,000 ரூபாய் என்று வையுங்கள், 1,04,000 ஆகிறது. ஆக, அது 5 இல்லை, 4. ஈஆர்பிக்குப் போட்ட 1-லும் சந்தேகம் இருக்கிறது. ஆரம்பத்தில் கொடுத்த இன்ஸ்டலேஷன் பணத்தையும் அதில் சேர்த்திருப்பீர்கள். அது போன பணம், எதை நிறுத்தினாலும் திரும்பி வராது. இனிமேல் கொடுக்க வேண்டிய வருடச் சந்தாவை மட்டும் வைத்தால் 2 வரும்.

இது போக, எந்த சாப்ட்வேர் வரிசையிலும் வராத செலவு ஒன்று இருக்கிறது. மாதக் கடைசியில் மூன்று ஸ்டாக்கும் ஒத்து வராமல் இரண்டு பேர் மூன்று நாள் உட்கார்ந்து தேடினால் வருடத்துக்கு 72 ஆள்-நாள். மூன்றும் சேர்ந்து ஓடுவதற்கான செலவு அது. அதைத் தனி வரியாக எழுதி அப்பாவிடம் காட்டுங்கள்.

அடுத்தது ரிஸ்க். எப்படி 3 போட்டீர்கள்? விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்புக்கே மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், பழைய ப்ரோக்ராம் பாட்டுக்கு ஓடும். ஆனால் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான், அவருக்கு ஆடி மாதம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம் என்று ஊகிக்க வேண்டிய ரிஸ்க் இல்லை இது, ஒருமுறை நடந்தே விட்டது. 1 போடுங்கள். சோர்ஸ் கோடு அவருடைய லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்த ஒன்றும் அதிகம்.

மூன்றாவது பயன். இங்கேதான் இந்த மாதிரித் தாள்கள் பெரும்பாலும் தவறிப் போகின்றன. ஒரு சாப்ட்வேர் முழுவதற்கும் ஒரே மார்க் போடக் கூடாது, அது செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். அண்ணனின் ப்ரோக்ராம் உண்மையில் என்ன செய்கிறது? சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி போய் 94 கிலோ திரும்பி வந்தால், எந்த டெலிவரி சலானில், அதாவது டிசியில், போனது, எந்த லாட், அந்த 6 கிலோ பிராசஸ் லாஸா இல்லை இன்னும் பட்டறையிலேயே கிடக்கிறதா என்று அது சொல்லும் என்று நினைக்கிறேன். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கை ஜிஎஸ்டிக்குக் காட்டும் ITC-04 படிவத்தையும் இந்த டிசி கணக்கிலிருந்துதான் நிரப்ப வேண்டும். எனவே இந்த வேலைக்கு 5. நூல் ஸ்டாக் பதிவு மற்ற இரண்டிலும் இருக்கிறது, அதற்கு 1.

இப்போது கூட்டிப் பாருங்கள். அண்ணன் ப்ரோக்ராமின் ஸ்டாக் பகுதிக்கு 4, 1, 1 போட்டால் 1.9 வருகிறது, அதை நிறுத்தலாம். ஜாப் ஒர்க் பகுதிக்கு 4, 1, 5 போட்டால் 3.5. ஈஆர்பிக்கு 2, 4, 3 போட்டால் 3.0. மார்க்கையெல்லாம் திருத்திய பிறகும் அண்ணன் ப்ரோக்ராம்தான் மேலே நிற்கிறது! சராசரியை நம்பினால் இதுதான் கதி. செலவில் வாங்கிய 4, ரிஸ்க்கில் வாங்கிய 1-ஐ மூடி மறைத்துவிடும். அதனால் ரிஸ்க்கில் 1 வாங்கியது எதுவானாலும், மொத்தம் எவ்வளவு வந்தாலும், இப்படியே தொடர முடியாது என்று முதலிலேயே ஒரு விதி எழுதிக்கொள்ளுங்கள். பயன் குறைவாக இருந்தால் நிறுத்த வேண்டும், பயன் அதிகமாக இருந்தால் அந்த வேலையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஜாப் ஒர்க் பகுதி இரண்டாவது வகை. ஈஆர்பியை நிறுத்தினால் மாற்றுவதற்கு இடமே இருக்காது, அதனால் அப்பா சொல்வது தப்பு. டேலியில் கணக்கு அப்படியே இருக்கட்டும், ஸ்டாக் என்ட்ரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மாற்றுகிற தேதி முக்கியம். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ITC-04 ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல் 1 அல்லது அக்டோபர் 1-ல் மாற்றினால் ஒரே படிவத்துக்கு இரண்டு இடத்தில் தேட வேண்டியிருக்காது. அதற்கு முந்தைய இரண்டு மாதம் இரண்டிலும் ஏற்றுங்கள். அப்போது மொத்த ஸ்டாக்கை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள், ஒரு பட்டறையில் கூடியதும் இன்னொன்றில் குறைந்ததும் சேர்ந்து சரியாகத் தெரியும். ஒவ்வொரு பட்டறையிலும் எத்தனை கிலோ பாக்கி என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு மாதக் கடைசியும் ஒத்து வந்தால், திரும்பி வராத லாட்டுகளை மட்டும் புதியதற்குக் கொண்டுபோங்கள். பழைய டேட்டாவை அழிக்காதீர்கள், ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அப்புறம், மாற்றிய மறு வாரம் பழைய ப்ரோக்ராமின் டேட்டா இருக்கும் .dbf ஃபைல்களில் கடைசியாகத் திருத்திய தேதியைப் பாருங்கள். தேதி நகர்ந்திருந்தால் ஸ்டோர்ஸில் யாரோ இன்னும் பழையதிலேயே ஏற்றுகிறார்கள்.

இதையெல்லாம் யார் செய்து கொடுப்பார்? அண்ணன்தான், வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் உரிமை என்று சொல்லி இதையும் ஓசியில் வாங்கிவிடாதீர்கள். அப்பா, அதாவது அவருடைய சித்தப்பா, அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். இத்தனை மாதம், இத்தனை ரூபாய், சோர்ஸ் கோடும் குறிப்புகளும் கம்பெனிக்கு என்று ஒரு தாளில் எழுதி, பாதியை அன்றைக்கே அவர் கணக்கில் போட்டுவிட்டு வரட்டும். அண்ணி பக்கத்தில் இருக்கும்போது பேசச் சொல்லுங்கள். அந்த ஞாயிறுகள் எவ்வளவு பெறும் என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.