பிள்ளை தனியாகப் பறக்கும்போது படிவத்தில் யார் பெயர்?

"அண்ணா, நாங்கள் ஷார்ஜா வந்து ஒன்றரை வருசம் ஆகிறது. ஜூலையில் தக்கலைக்குப் போகிறோம். எனக்கும் மனைவிக்கும் 30 நாள்தான் லீவு. மகளுக்கு எட்டு வயசு, அவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்க ஆகஸ்ட் கடைசி ஆகும். அதுவரை இங்கேயே இருக்கட்டும், அப்புறம் நான் திருவனந்தபுரத்தில் ஏற்றி விடுகிறேன் என்கிறார் மாமனார். பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? என்னென்ன பேப்பர் வேண்டும்? இங்கே யார் கையில் தருவார்கள்?"

அனுப்பலாம் தம்பி. நான் என் மகனை மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு தடவை இப்படி வரவழைத்திருக்கிறேன். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் தண்ணீர் குடித்தேன், இரண்டாம் தடவை இருபது நிமிடத்தில் முடிந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பெயர்தான். அதை விளக்கமாகச் சொல்கிறேன், மற்றதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் டிக்கெட். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளை பெரியவர் துணையில்லாமல் பறப்பதென்றால், பெரும்பாலான விமான கம்பெனிகளில் 'அன்அக்கம்பனீட் மைனர்' சேவையில்தான் போக முடியும். ஊழியர்கள் சுருக்கமாக 'யு.எம்.' என்பார்கள். குறைந்த கட்டணக் கம்பெனிகள் சிலவற்றில் இந்தச் சேவையே கிடையாது. இணையத்தில் பிள்ளையை மட்டும் போட்டு டிக்கெட் எடுக்கப் பார்த்தால் பெரும்பாலும் விடாது. சிலர் அதைத் தாண்ட வயதைக் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். கவுண்டரில் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைப் பார்த்ததும் பிள்ளையை ஏற்றமாட்டோம் என்பார்கள். அதனால் கம்பெனிக்குப் போன் பண்ணியோ அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் போயோதான் எடுக்க வேண்டும். சேவைக்கட்டணம் ஒரு வழிக்கு இவ்வளவு என்று தனி. பல கம்பெனிகளில் டிக்கெட்டும் பெரியவர் விலைதான், அதைப் பார்த்து மலைக்காதீர்கள்.

நேரடி விமானமாக இருக்கட்டும். நடுவில் இறங்கி மாறுகிற டிக்கெட் ஆயிரம் இரண்டாயிரம் குறையும் என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். ஒரு கம்பெனியில் இறங்கி இன்னொன்றில் ஏறுவதையும், இரவு தங்குவதையும் பல கம்பெனிகள் பிள்ளைகள் விஷயத்தில் ஏற்பதில்லை. ஒரு விமானத்தில் இத்தனை யு.எம். பிள்ளைகள்தான் என்று அளவும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் ஓணமும் பள்ளித் திறப்பும் ஒன்றாக வந்தால் கேட்கவே வேண்டாம். இப்போதே பேசிவிடுங்கள்.

காசு கட்டியதும் ஒரு வேலை. இந்தச் சேவைக்கு பதிவில் UMNR என்று ஒரு குறி விழும். குறி விழுந்தால் மட்டும் போதாது. அதற்குப் பக்கத்தில் HK என்று இருந்தால் கம்பெனி ஒத்துக்கொண்டது என்று பொருள். NN என்று இருந்தால் இன்னும் கேட்டபடி நிற்கிறது, பதில் வரவில்லை. டிக்கெட் போட்டுத் தந்தவரிடம் "UMNR கன்ஃபர்ம் ஆச்சா, HK காட்டுதா" என்று நேராகக் கேளுங்கள். டிக்கெட் கையில் இருக்கிறதே என்று நம்பிப் போய், சேவை பதியவே இல்லை என்று கவுண்டரில் தெரிந்து, பிள்ளையும் தாத்தாவுமாகக் களியக்காவிளை வழியே திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு வீட்டில் உண்டு.

சரி, இனி படிவம். ஒரே படிவம்தான், நாலைந்து நகல் இருக்கும். மேலே பிள்ளையின் பெயர், வயது, விமான எண். அதன் கீழே அனுப்புகிறவர் பெயர், விலாசம், போன். அதற்கும் கீழே வாங்கிக்கொள்கிறவர் பெயர், விலாசம், போன். கடைசியில் கையெழுத்துக் கட்டங்கள். பிள்ளை கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் மாமனாரிடமிருந்து கவுண்டர் ஊழியர், அவரிடமிருந்து விமானப் பணிப்பெண், அங்கிருந்து ஷார்ஜா தரை ஊழியர், கடைசியில் நீங்கள். படிவமும் பாஸ்போர்ட்டும் பிள்ளையின் கழுத்தில் ஒரு பையில் தொங்கும்.

கடைசிக் கையில் இருக்கிற ஊழியரை யோசித்துப் பாருங்கள். அவருக்கு உங்களையும் தெரியாது, மாமனாரையும் தெரியாது. கையில் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். அதில் எழுதியிருக்கிற பெயரும் எதிரே நிற்கிறவர் அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருந்தால் பிள்ளையைத் தருவார். இல்லையென்றால் தரமாட்டார், தரவும் கூடாது.

நான் மாட்டியது இங்கேதான். நம் ஊரில் அப்பா பெயரை முன்னால் ஓர் எழுத்தாகப் போடுகிறோம். என் மாமனார் படிவத்தில் ஊர் வழக்கப்படி 'டி. செல்வன்' என்று எழுதிவிட்டார். என் எமிரேட்ஸ் ஐடியிலோ பாஸ்போர்ட்டில் உள்ளபடி 'செல்வன் தங்கையா'. போன் நம்பர் கட்டத்தில் என் ஊர் நம்பரை எழுதியிருந்தார், அந்த சிம் அன்றைக்கு மேசை டிராயரில் கிடந்தது. ஊழியர் போன் பண்ணிப் பார்த்து, எடுக்கவில்லை, பெயரும் ஒக்கவில்லை என்று மேலாளருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன் எனக்குக் கை காட்டிக்கொண்டு நிற்கிறான். "அதுதான் என் அப்பா" என்று அவன் சொன்னதும் போதவில்லை. மேலாளர் வந்து, மகன் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் 'செல்வன் தங்கையா' என்று இருப்பதைப் பார்த்த பிறகுதான் விட்டார். அந்த நேரம் கோபம் கோபமாக வந்தது. இப்போது நினைத்தால் அவர்கள் செய்ததுதான் சரி.

அதனால் மாமனாரிடம் வாயால் சொல்லி விடாதீர்கள். உங்கள் ஐடியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதில் இருக்கிற ஆங்கில எழுத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். போன் நம்பர் இங்குள்ளது, 971-இல் தொடங்குவது. எழுதி முடித்த படிவத்தை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டும்.

இன்னொன்று, அன்றைக்கு உங்களுக்கு டியூட்டி மாறினால் யார் போவார்கள் என்பதை இப்போதே முடிவு பண்ணுங்கள். விமானம் ஏறுவதற்கு முன்னால் கம்பெனியிடம் சொல்லி வாங்குகிறவர் பெயரை மாற்றலாம். விமானம் கிளம்பிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. இரண்டாவது ஆள் பெயரையும் எழுத அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். அனுமதித்தால் மனைவி பெயரைப் போடுங்கள், மச்சான் பெயரை அல்ல. அம்மா பெயரும் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, எழுத்தில் ஏதாவது பிசகினாலும் எனக்கு நடந்ததுபோல் அது கை கொடுக்கும். மச்சானுக்கு அந்தத் துணை கிடையாது.

பாஸ்போர்ட்டில் பெயர் இல்லாத இன்னொருவர் உங்கள் மாமனார். அதனால் நீங்களும் மனைவியும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் மகள் இன்ன பாஸ்போர்ட் எண், இன்ன தேதியில் இன்ன விமானத்தில் தனியாக வர எங்களுக்குச் சம்மதம், ஏற்றிவிடுகிறவர் அவளுடைய தாத்தா இன்னார், வாங்கிக்கொள்கிறவர் இன்னார். கூடவே உங்கள் இருவர் பாஸ்போர்ட், விசா நகல். நோட்டரி முத்திரை வேண்டுமா என்பது கம்பெனியைப் பொறுத்தது, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மாமனார் தன் அசல் ஆதாரை எடுத்துப் போக வேண்டும், நகல் ஆகாது. மகளின் எமிரேட்ஸ் ஐடி அவள் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும், நீங்கள் மறந்து கொண்டு வந்துவிடாதீர்கள்.

புறப்படும் நாளை ஒரு கணக்காகச் சொல்கிறேன். விமானம் காலை எட்டரைக்கு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். தக்கலையிலிருந்து மூன்று மணிக்கு வண்டி எடுத்தால் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் காலியாகக் கிடக்கும். பகலில் அந்த வழியை நம்பி நேரக்கணக்குப் போட முடியாது. டிரைவரிடம் சாக்கை பக்கமுள்ள சர்வதேச முனையம் என்று சொல்ல வேண்டும், சங்குமுகம் பக்கம் போய் நின்றால் சுற்ற வேண்டியிருக்கும். டிக்கெட் இல்லாதவரை வாசலில் காவலர்கள் உள்ளே விடமாட்டார்கள். மாமனாருக்கு நுழைவுச் சீட்டு கிடைக்குமா, அல்லது ஊழியர் வாசலுக்கே வந்து கூட்டிப் போவாரா என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளையை ஒப்படைத்ததும் டீ குடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாது. விமானம் தரையை விட்டு எழும்பும்வரை அங்கேயே இருக்க வேண்டும், போனும் கையில் இருக்க வேண்டும். விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ பிள்ளையை அவரிடம்தான் திருப்பித் தருவார்கள்.

பெட்டியை மாமியார் கட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள், அதுதான் எனக்குக் கவலை. நேந்திரங்காய் சிப்ஸ் எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும், கசகசா ஒரு பொட்டலம்கூட வரக்கூடாது. இந்த நாட்டில் அது தடை செய்த பொருள், குருமாவுக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. பெட்டியைத் திறந்து இது என்ன என்று கேட்டால் எட்டு வயசுப் பிள்ளை என்ன சொல்லும்? பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பும் பொட்டலங்களும் வேண்டாம். பிள்ளைக்கு நேரத்துக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தால், விமானத்தில் பணிப்பெண்கள் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே விமானம் இறங்கிவிட்டது என்று திரையில் பார்த்ததும் அஞ்சாம் நிமிடத்தில் பிள்ளை வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நேரம் இப்படி வரும் பிள்ளைகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். அப்புறம் குடியேற்றம், பெட்டி, சுங்கம் என்று ஊழியரே கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். அதற்காக நீங்கள் தாமதமாகப் போகலாம் என்று அர்த்தமில்லை. வாங்க ஆள் வரவில்லை என்றால் பிள்ளையை வைத்திருக்கவும், தேவைப்பட்டால் திருப்பி அனுப்பவும் ஆகிற செலவு உங்கள் தலையில்தான், மாமனார் போடுகிற கையெழுத்தில் அதுவும் அடக்கம். இறங்கும் நேரத்துக்கு முன்பே அசல் ஐடியோடு போய் நில்லுங்கள்.

கையெழுத்துப் போட்டதும் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடாதீர்கள். கழுத்துப் பையைத் திறந்து பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி, பெட்டிச் சீட்டு மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். என் மகனுடைய ஐடி இரண்டாம் தடவை கவுண்டர் மேசையிலேயே தங்கிவிட்டது. பார்க்கிங் வரை போய்த் திரும்பி ஓடி வந்து வாங்கினேன்.