கார் ஷெட் தரைக்கு எபாக்ஸி: கேள்வியும் பதிலும்

திருவொற்றியூரிலிருந்து: அண்ணே, ஷெட் 20-க்கு 10 அடி. கடைக்காரர் 4 லிட்டர் எபாக்ஸி போதும்ங்கறார். போதுமா?

200 சதுர அடின்னா 18.6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் கனம் நிக்க 1 லிட்டர் வேணும். கார் நிக்கிற தரைக்கு நான் 300 மைக்ரானுக்குக் கீழ போறதில்ல. அப்போ மீட்டருக்கு 0.3 லிட்டர், மொத்தம் 5.6 லிட்டர். ரோலரும் வாளியும் குடிக்கிறதையும் சேர்த்து 6 லிட்டர்னு வைங்க. 2-க்கு 1 கலவைன்னா ரெசின் 4, ஹார்டனர் 2. அவர் சொன்ன 4 லிட்டர் ரெசின் மட்டுமான்னு முதல்ல கேளுங்க. இது தின்னர் இல்லாத சரக்குக்கான கணக்கு. தின்னர் கலந்ததுன்னா அது ஆவியாகிற அளவுக்குக் கனம் குறையும். பிரைமர் தனி, சுமார் 3 லிட்டர்.

காசிமேட்டிலிருந்து: ஹார்டனர் கொஞ்சம் கூட ஊத்தினா சீக்கிரம் இறுகும்ல? ஃபைபர் படகு வேலையில நாங்க அப்படித்தான் செய்வோம்.

படகுக்குப் போடுற பாலியஸ்டர்ல அது சரி தம்பி. அங்க ஹார்டனர் வேலையைத் தூண்டி விடுறதோட சரி. எபாக்ஸியில ஹார்டனரே ரெசினோட சேர்ந்து தரையாகுது. கூடினா மிச்ச ஹார்டனரும், குறைஞ்சா மிச்ச ரெசினும் ஜோடியில்லாம உள்ளயே நிக்கும். ஒரு வாரம் கழிச்சும் நகத்தால அழுத்தினா பள்ளம் விழும், சூடான டயர் உரிச்சு எடுத்துடும். டப்பாவுல போட்ட விகிதம் அளவா, எடையான்னும் பாருங்க. ரெசின் கனமானது, ரெண்டும் ஒண்ணாகாது. ஒரு தடவைக்கு 2 லிட்டர் ரெசின், 1 லிட்டர் ஹார்டனர் மட்டும் கலக்குங்க. ஓரத்தைச் சுரண்டிக் கலக்கி, வேற வாளிக்கு மாத்தி மறுபடி கலக்கி, உடனே தரையில ஊத்திடுங்க. நம்ம வெயிலுக்கு வாளியில விட்டா புகைஞ்சு கட்டியாயிடும்.

பெரம்பூரிலிருந்து: எங்க மொட்டை மாடி ஒழுகுது சார், இதையே அடிச்சுடலாமா?

வேண்டாம்மா. வெயில்ல மஞ்சளாகி மாவா உதிரும், தளம் விரியும்போது சேர்ந்து வெடிக்கும்.

ராயபுரத்திலிருந்து: ரெண்டு கோட்டா அடிச்சா பிரைமர் தேவையில்லைன்னு நினைக்கிறேன். சரிதானே?

இல்லீங்க. பிரைமர் தண்ணி மாதிரி இருக்கறதால துளைக்குள்ள இறங்கும். அது இல்லாம கெட்டியானதை ஊத்தினா துளையில இருக்கிற காத்து மேல வந்து ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விழும். ஆனா பிரைமர் மட்டும் காப்பாத்தாது. தண்டையார்பேட்டையில நான் போட்ட ஒரு தரை ஒரே மழைக்காலத்துல பாளம் பாளமா வந்துச்சு. உரிஞ்சதைத் திருப்பிப் பார்த்தா அடியில சிமென்ட் மாவு ஒட்டியிருந்தது. தரை மேல படிஞ்சு காய்ஞ்ச சிமென்ட் பாலை கிரைண்டர் வெச்சு எடுக்காதது என் தப்பு. இப்பல்லாம் ஒண்ணரை அடிச் சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பார்க்கறேன். அடியில வேர்வை இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ வேலையைத் தொடறதில்ல.

அவரே: எங்க பழைய வீட்டுல எந்த மாசம் பார்த்தாலும் ஈரம் இருக்கே?

தளத்துக்கடியில பாலிதீன் விரிக்காத வீடா இருக்கும். ஈரம் தடுக்கிற எபாக்ஸி பிரைமர் கிடைக்குது. ஒரு வீட்டுல அது நின்னுச்சு, இன்னொரு வீட்டுல கொப்புளம் வந்துச்சு. உங்க வீட்டுல ஒரு மூலையில மட்டும் போட்டு, ஐப்பசி மழை தாண்டுற வரைக்கும் பாருங்க.