கேள்வி – பதில்

கேள்வி: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்க்கலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆனால் வேலையிடத்தில் எல்லோரும் "கடைசியில் சொதப்பிவிட்டார்கள், ஆரம்பிக்காதே" என்கிறார்கள். எட்டு சீசன் பார்த்துவிட்டு ஏமாறவேண்டுமா, ஆசிரியரே?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சொதப்பல் எந்த சீசனில் தொடங்கியது, ஏன் தொடங்கியது என்று அவர்களிடம் கேட்டீர்களா? முடிவெடுக்க உதவுவது அந்த இரண்டும்தான்.

இந்தத் தொடர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல்களிலிருந்து வந்தது. ஐந்தாவது நாவல் 2011இல் வெளிவந்தது. தொடர் தொடங்கியதும் அதே வருடம். ஆறாவது நாவல் வரவே இல்லை. ஐந்தாம், ஆறாம் சீசன்களில் தொடர் புத்தகங்களைத் தாண்டிப் போய்விட்டது. அப்புறம் கதையை எழுதியது தொடர்க்காரர்கள்தான். சீசன்களும் சுருங்கின: முதல் ஆறும் பத்துப் பத்து எபிசோட், ஏழாவது ஏழு, எட்டாவது வெறும் ஆறு.

விளைவு திரையிலேயே தெரியும். முதல் எபிசோடில் மன்னர் வடக்கே வின்டர்ஃபெல் கோட்டைக்கு வந்து இறங்கியதும், "ஒரு மாதமாகப் பயணம் செய்திருக்கிறோம்" என்று ராணி சலித்துக்கொள்கிறாள். அந்த ஒரு வரியில் நாட்டின் அகலம் புரிந்துவிடுகிறது. ஏழாம் சீசனின் ஆறாவது எபிசோடில், வடகோடிப் பனியில் சிக்கியவர்களில் ஒருவன் கோட்டைக்கு ஓடுகிறான், அங்கிருந்து பறவை தூது போகிறது, தெற்கே தொலைவிலுள்ள தீவிலிருந்து உதவி வந்து இறங்குகிறது. எல்லாம் ஓர் இரவுக்குள் நடந்ததுபோல இருக்கிறது. ஜோபர்க் போக N3-இல் நமக்கே ஆறு மணி நேரம் ஆகிறது! தூரம் செல்லாக்காசானதும் ஆபத்தும் போய்விட்டது. மனிதர்கள் மனம் மாறுவதும் அதே அவசரத்தில் நடக்கிறது. எட்டாம் சீசன்மேல் வந்த கோபத்தின் வேர் இதுதான்.

சரி, ஆரம்பியுங்கள். மொத்தம் 73 எபிசோட். அதில் முதல் 60-ஐ நம்பிப் பார்க்கலாம், முதல் நான்கு சீசன்களை இரண்டாம் முறையும் பார்க்கலாம். ஆறாம் சீசனின் கடைசி எபிசோடில், முதல் சீசனிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய கேள்விக்கு விடை வருகிறது. அங்கே நின்று யோசியுங்கள்.

ஆனால் இது 'டெக்ஸ்டர்' மாதிரி இல்லை. அதில் ஒவ்வொரு சீசனிலும் பெரும்பாலும் ஒரு புது எதிரி. கதையை நடத்திவந்த கிளைட் ஃபிலிப்ஸ் நான்காம் சீசனோடு விலகினார், பார்ப்பவரும் அங்கேயே விலகிவிடலாம். இங்கே சிம்மாசனம் யாருக்கு என்பதே கதை. நாவலும் முடியாததால், அந்த விடை இன்றைக்குத் தொடரில் மட்டும்தான் இருக்கிறது. விடை தெரியாமல் தூக்கம் வராது என்றால் மிச்சம் 13 எபிசோடையும் பாருங்கள். வேலையிடத்து நண்பர்கள் முடிவை உளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.