பார்சல் கட்ட ஆரம்பிக்கும் முன் கேன்சலுக்கு எத்தனை மணி வரை அவகாசம் கொடுப்பது?

கேள்வி: வீட்டிலிருந்தே பொடி, ஊறுகாய் விற்கிறேன். பார்சல் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் "கேன்சல் பண்ணிடுங்க" என்று மெசேஜ் வருகிறது. எத்தனை மணி வரை கேன்சல் செய்யலாம் என்பதை எப்படி முடிவு செய்வது? விதியில் எப்படி எழுதுவது?

பதில்: நானும் இதே தொழில்தான். பொடி, தொக்கு, ஊறுகாய். ஆரம்பத்தில் "ஆர்டர் போட்ட 12 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்யலாம்" என்று எழுதி வைத்திருந்தேன். அது நடைமுறைக்கு ஒத்து வரவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கெடு என்றால், கட்டுகிற வேலைக்கு நடுவில் ஏதாவது ஒரு கெடு ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கு வேண்டாம், கடிகார நேரமாகவே வையுங்கள்.

அந்த நேரத்தைக் கூரியர் ஆள் வரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எங்கள் வீட்டுக்கு அவர் மாலை 4 மணிக்கு வருகிறார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 பார்சல். கண்ணாடி பாட்டிலுக்குக் குமிழி உறை சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்ட ஆறு நிமிடம் என்றால், மொத்தம் இரண்டரை மணி நேரம். எடை போட்டு லேபிள் ஒட்ட ஒரு மணி நேரம். சாப்பாட்டுக்கும் எதிர்பாராத தாமதத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படியானால் 11.30-க்குக் கட்ட உட்கார வேண்டும். அதற்கு முன் பட்டியல் எடுத்து, சரக்கைப் பிரித்து வைக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதனால் காலை 10 மணி என்று வைத்தேன்.

முதல் நாள் இரவு 9 மணி என்று வைத்தால் நமக்கு இன்னும் வசதிதான். ஆனால் நிறையப் பேர் இரவு படுக்கப் போகும் முன் ஆர்டர் போடுகிறார்கள், காலையில் வீட்டில் பேசிவிட்டு மனசு மாறுகிறார்கள். அந்தக் காலை நேரத்தை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. 10 மணிக்குப் பிறகு வரும் ஆர்டர் தானாகவே அடுத்த வேலை நாள் பட்டியலுக்குப் போய்விடும். சனிக்கிழமை மதியம் போட்டவருக்குத் திங்கள் காலை 10 மணி வரை நேரம் உண்டு.

நடுவில் வரும் கேன்சலால் பணத்தைவிட வேலை ஒழுங்குதான் அதிகம் கெடுகிறது. ஒருநாள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கேன்சல் வந்தது. அந்தப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன், லேபிளை எடுக்க மறந்துவிட்டேன். அடுத்த பெட்டியில் அந்த லேபிள், அதற்கடுத்ததில் முந்தையவருடைய லேபிள் என்று வரிசையாக மாறிப்போனது. மதுரைக்குப் போக வேண்டிய பூண்டுத் தொக்கு சேலம் போய்ச் சேர்ந்தது. ஒரு கேன்சலுக்கு நான்கு பேரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கேன்சல் மட்டுமல்ல, முகவரி மாற்றம், "பருப்புப் பொடி ஒண்ணு சேர்த்து வைங்க" என்பது, எல்லாவற்றுக்கும் அதே 10 மணிதான் என்று எழுதிவிடுங்கள். எனக்குக் கேன்சலைவிட இவைதான் அதிகம் வருகின்றன.

எழுதும்போது "மெசேஜ் எங்களுக்கு வந்த நேரம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 9.50-க்கு வந்ததை நீங்கள் 10.20-க்குப் பார்த்தாலும் அது செல்லும். அதனால் 10 மணிக்கு எல்லா மெசேஜையும் படித்து முடித்த பிறகே பட்டியலை எடுக்க வேண்டும். நான் வைத்திருக்கும் வாசகம் இது:

"அனுப்பும் நாள் காலை 10 மணிக்குள் எங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்த கேன்சல், முகவரி மாற்றம், பொருள் சேர்ப்பு ஏற்கப்படும். கேன்சலுக்கு முழுப் பணமும் திரும்பும். அதன்பின் பார்சல் கட்டத் தொடங்கிவிடுவதால் ஏற்க இயலாது. பொருள் உடைந்தோ மாறியோ வந்தால் இந்த நேரக்கெடு பொருந்தாது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குறையுள்ள பொருளையோ, சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கேன்சல் கட்டணம் போடுவதற்கும் அதில் கட்டுப்பாடு இருக்கிறது: நாமாக ஆர்டரை ரத்து செய்தால் அதே மாதிரி கட்டணத்தை நாமும் ஏற்றால்தான் வாடிக்கையாளரிடம் வாங்கலாம். அதனால் நான் கட்டணமே வைக்கவில்லை.

இந்த விதியைத் தளத்தில் போட்டால் மட்டும் யாரும் படிப்பதில்லை. ஆர்டர் உறுதி செய்யும் மெசேஜிலேயே கிழமையோடு போடுங்கள்: "செவ்வாய் காலை 10 மணி வரை மாற்றலாம்." இதைப் போட ஆரம்பித்த பிறகு தாமதமான கேன்சல் வெகுவாகக் குறைந்தது.

அப்புறம், வீட்டில் துக்கம் என்று 12 மணிக்கு ஒருவர் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன். ஆனால் உடனே எழுந்து பெட்டியைத் தேட மாட்டேன். பெயரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லாப் பெட்டியும் கட்டி எண்ணி முடித்த பிறகு, கூரியர் ஆள் வருவதற்குள் அந்த ஒன்றை மட்டும் லேபிளோடு எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.