ஜன்னல் வெளிச்சத்துல சோப்பு, சீரம், க்ரீம் போட்டோ: இந்த வாரம் வந்த கேள்விகள்

ஆம்பர் சீரம் பாட்டில்ல ஜன்னல் கம்பி கோடு கோடா விழுது. எடிட் பண்ணி அழிக்க நல்ல ஆப் சொல்லுங்க.

அழிக்கப் போகாதீங்க, லேபிள் எழுத்தும் சேர்ந்து நாசமாயிடும். கண்ணாடி பாட்டில் எதிர்ல என்ன இருக்கோ அதைத்தான் காட்டும், அதனால மாத்த வேண்டியது எதிர்ல இருக்கறதை. ஒரு வெள்ளை வேட்டியை, கரை தெரியாத மாதிரி மடிச்சு, ஜன்னலுக்கு முன்னாடி கொடி கட்டி தொங்கவிடுங்க. கம்பியோட ஒட்டி கட்டினா கம்பி நிழல் துணியிலயே தெரியும், அதனால ஒரு முழம் தள்ளி கட்டுங்க. பாட்டில் துணியிலேர்ந்து ரெண்டடி தூரத்துல, ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி இருக்கட்டும். இப்ப கம்பிக்கு பதிலா பாட்டிலோட ஒரு ஓரத்துல நீளமா ஒரே ஒரு வெள்ளைப் பட்டை வரும், அது அழகுதான், இருக்கட்டும். எதிர் பக்கம் அரை அடியில ஒரு தெர்மாகோல் நிறுத்தினா இருட்டுப் பக்கமும் தெளிஞ்சிடும்.

ஆம்பர் பாட்டில் கறுப்பா செத்துப்போன மாதிரி தெரிஞ்சா, பாட்டில் உருவத்தைவிட கொஞ்சம் சின்னதா வெள்ளை அட்டை வெட்டி, பாட்டிலுக்குப் பின்னாடி ஜன்னல் பக்கம் லேசா திருப்பி சாய்ச்சு வையுங்க. அட்டையில பட்ட வெளிச்சம் பாட்டில் வழியா வந்து உள்ள இருக்கற சீரம் தேன் மாதிரி ஒளிரும். அட்டை ஓரம் வெளிய எட்டிப் பாக்காம பாத்துக்குங்க. இன்னொண்ணு, நீங்க அனுப்பின படத்துல பாட்டில் நடுவுல ஒரு மஞ்சள் உருவம் தெரியுது, அது உங்க நைட்டி. கறுப்பு டிரஸ் போட்டுக்கிட்டு எடுங்க.

வெள்ளை சார்ட் மேல வெச்சு எடுத்தா சார்ட் சாம்பலா வருது.

போனுக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாது, எல்லாத்தையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கப் பாக்கும். ப்ராடக்ட் மேல விரலை அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணுங்க (ஐபோன்ல மேல AE/AF LOCK னு வரும்), அப்புறம் பக்கத்துல வர்ற சூரியன் குறியை மெதுவா மேல இழுங்க. லேபிள்ல சின்ன எழுத்து வெளுக்க ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்தி, ஒரு துளி கீழ இறக்குங்க. ஜாரே வெள்ளையா இருந்து சார்ட்டோட கரைஞ்சு போனா, படத்துல தெரியாத அளவுக்கு ரெண்டு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்துங்க, ஜாரோட ஓரத்துல மெல்லிசா ஒரு கறுப்பு கோடு வந்து உருவம் தனியா நிக்கும்.

போட்டோ நல்லா வரல, என்ன பண்ணலாம்?

படமும் அனுப்பல, என்ன பொருள்னும் சொல்லல, எந்த நேரத்துல எடுத்தீங்கன்னும் சொல்லல. லென்ஸைத் துடைங்க. அப்புறம் படத்தோட எழுதுங்க.

குப்பைமேனி சோப்பு நேர்ல நல்ல பச்சை, போட்டோல பழுப்பா வருது, அதனால எடிட்ல பச்சையை ஏத்தி போட்டேன். வாங்கினவங்க "படத்துல வேற கலர்"னு ரிட்டர்ன் கேக்கறாங்க. யார் மேல தப்பு?

வாங்கினவங்க மேல இல்ல. தோலுக்குப் போடற பொருள், கலர் மாறியிருந்தா பழசாயிடுச்சோ, வேற எதையோ கலந்துட்டாங்களோன்னுதான் யாருக்கும் தோணும். நீங்க அனுப்பின ஒரிஜினல் படத்தை பெருசாக்கிப் பாத்தேன். சோப்போட இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம், கொஞ்சம் நீலம். வலது பக்கம் மேல ஒரு மஞ்சள் பல்பு, அந்தப் பக்கம் மொத்தமும் பழுப்பு. ஒரே சோப்புல ரெண்டு கலர்! பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், அந்த மஞ்சள் பல்பு 3000 பக்கம். போன் ஒரு படத்துக்கு ஒரே வொயிட் பேலன்ஸ்தான் போடும், ஜன்னலை சரி பண்ணினா பல்பு பக்கம் மஞ்சளாகும், பல்பை சரி பண்ணினா ஜன்னல் பக்கம் நீலமாகும், பொதுவா ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கும். நீங்க எடிட்ல பச்சையை ஏத்தினதும் பழுப்பு பக்கம் ஓரளவு பச்சையாச்சு, ஏற்கனவே சரியா இருந்த இடது பக்கம் பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. இதைத்தான் நான் வருஷக் கணக்கா கத்திக்கிட்டு இருக்கேன்: பகல்ல எடுக்கறப்ப ரூம்ல இருக்கற எல்லா லைட்டையும் அணைங்க. ட்யூப்லைட், பல்பு, பூஜை ரூம்ல எரியற சின்ன லைட்டு உட்பட. "கொஞ்சம் பிரைட்டா இருக்கட்டும்"னு போடற அந்த ஒரு லைட்டுதான் எல்லாத்தையும் கெடுக்குது. மலிவு எல்இடில சிவப்பு வேற குறைச்சலா இருக்கும், ரத்த சந்தன சோப்பு அதுக்குக் கீழ செங்கல் தூள் மாதிரிதான் வரும், அதை எந்த ஆப்பும் முழுசா மீட்டுத் தராது.

அடுத்தது சுவர். உங்க படத்துல பின்னாடி பிஸ்தா கலர் சுவர் தெரியுது, அது மேல பட்டு வர்ற வெளிச்சமும் பிஸ்தாவாதான் வரும். சோப்புக்கும் சுவருக்கும் நடுவுல தெர்மாகோல் வெச்சா அதுவும் தீரும்.

லைட்டை அணைச்சதும் முதல் படம் மட்டும் சோப்பு பக்கத்துல ஒரு வெள்ளை பேப்பரோட எடுங்க. ப்ரோ மோட் இருந்தா பேப்பர் வெள்ளையா தெரியற வரைக்கும் வொயிட் பேலன்ஸை நகர்த்தி அப்படியே விட்டுடுங்க, 5500 பக்கத்துல எங்கயாவது நிக்கும், மேகமா இருந்தா 6500 வரை போகும். ப்ரோ மோட் இல்லைன்னா எடிட்ல அந்தப் பேப்பரைப் பாத்து சூட்டைக் கூட்டி குறைச்சு, அதே அளவை மத்த படங்களுக்கும் போடுங்க. கலர் செறிவு பட்டனைத் தொடவே தொடாதீங்க. கடைசியா சோப்பை ஜன்னல்கிட்ட கொண்டுபோய் போன் பக்கத்துல பிடிச்சு ரெண்டையும் ஒத்துப் பாருங்க, பிரைட்னஸ் பாதிக்கு மேல வெச்சு, கண் பாதுகாப்பு மோட் ஆஃப் பண்ணிட்டு. நிறைய பேர் அந்த மஞ்சள் ஸ்க்ரீன்லயே கலர் பாத்துட்டு என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க.

பம்ப் பாட்டில் மேல பெருசா, கீழ ஒடுங்கி வருது.

ரொம்ப கிட்ட போய், அதுவும் மேலேர்ந்து எடுக்கறீங்க. மூணு நாலடி பின்னாடி வாங்க, 2x போடுங்க, போனை லேபிள் உயரத்துக்கு இறக்கி நேரா பிடிங்க. நாலு புஸ்தகம் அடுக்கி அதுமேல வெச்சு டைமர் போட்டா ஆட்டமும் இருக்காது.

மொட்டை மாடியில மதியம் எடுக்கலாமா? அங்கதான் வெளிச்சம் ஜாஸ்தி.

கூடாது. நிழல் கத்தி மாதிரி விழும், லேபிள் பளபளக்கும், ஷியா பட்டர் உருகிடும். காலை ஒன்பது பத்து மணிக்கு, நேர் வெயில் உள்ள விழாத ஜன்னல்.

புது போன் வாங்கணுமா?

வேண்டாம். லென்ஸைத் துடைங்க, லைட்டை அணைங்க.

டிசைனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினா மங்கிப் போகுது.

டாக்குமென்டா அனுப்புங்க.

ஆலோவேரா ஜெல்லைத் தடவிக் காட்டற மாதிரி எடுக்கணும், தண்ணி சிந்தின மாதிரிதான் தெரியுது.

வெளிச்சம் மேலேர்ந்து விழுது, அதான். கண்ணாடித் துண்டு மேல ஜெல்லை வெச்சு, அடியில வெளிர் கலர் பேப்பர், ஜன்னல் விளிம்பு உயரத்துலயே வையுங்க, வெளிச்சம் பக்கத்துலேர்ந்து உரசிக்கிட்டு வரணும், அப்பதான் மேடு பள்ளம் தெரியும். எதிர் பக்கம் தெர்மாகோல் வேண்டாம், இங்க நிழல் நமக்கு வேணும். ஸ்பூன் முதுகால ஒரே இழுப்பு, திருத்தித் திருத்தி தடவினா குமிழி ஏறிடும், ஏறின குமிழியை ஊசி முனையால குத்துங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல மேல ஆடை கட்டி பளபளப்பு போயிடும், அதனால ஃபோகஸை முன்னாடியே ஒரு துளியில லாக் பண்ணி வெச்சிட்டு அப்புறம் இழுங்க. கையில ஜெல் இருக்கும், லென்ஸைத் தொட்டிருப்பீங்க, துடைச்சிட்டு எடுங்க.