கத்திரிக்கோலை இப்போதைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் பள்ளிச் சீருடை தைக்கும் சிறு தையற்கூடம் நடத்துகிறேன். தையல்காரர்கள் ஆறு பேர். துணி வாங்குவது, வெட்டுவது, சரிபார்ப்பது, பள்ளியோடு பேசுவது எல்லாம் நானேதான். ஜூன் மாதத்துக்குள் மூன்று பள்ளிகளுக்குத் தைத்துக் கொடுக்க வேண்டும். எங்களிடம் பல ஆண்டுகளாகத் தைக்கும் அக்காவிடம் சில வேலைகளை ஒப்படைக்க நினைக்கிறேன். எதைக் கொடுப்பது? கொடுத்த பிறகு, நம்பவில்லை என்று அவர் நினைக்காதபடி எப்படிக் கவனிப்பது?
— ஒரு வாசகி

பதில்: எந்த வேலை எளிது என்று பார்க்காமல், எந்த வேலையில் நேரும் தவறைத் திருத்த முடியும் என்று பாருங்கள், சகோதரி. இருபது அடுக்குத் துணியை விரித்து வெட்டும்போது குறியீடு அரை அங்குலம் உள்ளே போனால், இருபது சட்டைகளின் துணியும் ஒரே நேரத்தில் வீணாகும். தையல் கோணினாலோ பிரித்துத் தைத்துவிடலாம். ஆகவே வெட்டுவதும், துணி வாங்குவதும், பள்ளியோடு விலை பேசுவதும் இந்தப் பருவத்தில் உங்களிடமே இருக்கட்டும். வெட்டிய கட்டுகள் தையலுக்குப் போவதிலிருந்து பெட்டியில் அடுக்குவது வரையிலான முழு வேலையையும், ஒரே ஒரு பள்ளிக்கு மட்டும், அவரிடம் கொடுங்கள். பிசிறு வெட்டுவதையும் இஸ்திரியையும் மட்டும் கொடுத்தால் அவர் கைவேலை செய்பவராகவே இருப்பார். முடிவெடுக்கும் சுமை உங்கள் தலையிலிருந்து இறங்காது.

பேச்சைத் தொடங்கும் முன் கூலியைத் தீர்மானித்துவிடுங்கள். அவர் பீஸ் கணக்கில் சம்பளம் வாங்குகிறார் என்றால், பிறர் வேலையைப் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நட்டம். அந்த நேரத்துக்கு நாள் கூலி தராவிட்டால், எவ்வளவு பொறுப்பானவராக இருந்தாலும் அவர் தம் மிஷினுக்கே திரும்பிவிடுவார். அதை அக்கறையின்மை என்று நீங்கள் தவறாக எண்ணிக்கொள்வீர்கள்.

அந்தப் பள்ளிக்கு 120 சட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒப்புக்கொண்ட மாதிரிச் சட்டை ஒன்றைச் சுவரில் மாட்டி, காலர், மார்பு, நீளம் ஆகியவற்றில் கால் அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று எழுதி வையுங்கள். தவறான தையலைப் பிரிக்கச் சொல்லவும், 500 ரூபாய்க்குள் நூலும் பட்டனும் வாங்கவும் அவர் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. ஒரே சட்டையின் கையும் உடலும் நிறத்தில் வேறுபட்டாலோ, வேலை ஒரு நாள் பின்தங்கினாலோ மட்டும் உடனே சொல்ல வேண்டும். (ஒரே நிறம் என்று வாங்கிய இரண்டு ரோல்களிலும் சாயம் சற்றே மாறியிருப்பது உண்டு, கட்டுகளுக்கு எண் போட்டுக் கொடுத்தால் கலக்காது.) எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், எதை எப்படிச் செய்யப்போகிறார் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள், விட்டுப்போனது அப்போது தெரிந்துவிடும்.

இனிக் கவனிப்பது. எந்த எந்த இடத்தில் பார்ப்பீர்கள் என்பதை முன்பே சொல்லிவிட்டால், அது வேவு பார்ப்பதாகத் தோன்றாது. ஒவ்வொரு சைஸிலும் முதல் சட்டை முடிந்ததும், மீதியைத் தைப்பதற்கு முன், இருவருமாக டேப் வைத்து அளந்து பாருங்கள். அடுத்து, காஜாவுக்குப் போவதற்கு முன் பாருங்கள். காஜாவில் துணியை வெட்டித் திறந்துவிடுவதால் அதற்கு மேல் பிரித்துத் தைக்க வழியில்லை. கடைசியாக, பெட்டியை மூடுவதற்கு முன் சைஸ் வாரியாக எண்ணி, ஒவ்வொரு சைஸிலும் நான்கைந்தை விரித்துப் பாருங்கள். இடையில் மிஷின் மிஷினாகப் போய் நிற்காதீர்கள்.

நாள்தோறும் மாலையில் பத்து நிமிடம் போதும். கட்டு எண், கொடுத்தது, வந்தது, திருத்தத்துக்குத் திரும்பியது என்று ஒரு நோட்டில் அவரே எழுதட்டும். “எல்லாம் சரியாப் போகுதா அக்கா?” என்று கேட்டால் “போகுதும்மா” என்பதுதான் பதிலாக வரும், “இன்னிக்கு எந்தக் கட்டு திரும்புச்சு, ஏன்?” என்று கேளுங்கள். ஆறு பேர் தைக்கும் இடத்தில் திரும்பியது தொடர்ந்து பூச்சியமாகவே இருந்தால், அவர் பார்க்கவில்லை, அல்லது உங்களிடம் சொல்லத் தயங்குகிறார். காலர் முனை ஒரு மிஷினிலிருந்து மட்டும் கோணலாக வந்தால், அவரே அந்தத் தையல்காரரிடம் பேசட்டும். ஆறு மிஷினிலிருந்தும் அப்படியே வந்தால் தவறு வெட்டிலோ, துணியில் வைத்துக் குறிக்கும் மாதிரி அட்டையிலோ இருக்கலாம், அது உங்கள் பக்கம்.

தையல்காரர்கள் பழக்கத்தில் உங்களிடமே வந்து கேட்பார்கள். பதில் தெரிந்திருந்தாலும், “அக்காவைக் கேளுங்க” என்று அனுப்பிவிடுங்கள். குறை கண்ணில் பட்டாலும் நேராகத் தைப்பவரிடம் போகாமல் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஒரு முறை அவரைத் தாண்டிப் போனால், மறுநாள் மற்ற எல்லாரும் அவரைத் தாண்டி உங்களிடம் வருவார்கள்.

இந்த 120 சட்டைகளும் நோட்டுக் கணக்கோடு ஒத்துப்போய்ப் பெட்டிக்குள் சேர்ந்துவிட்டால், மற்ற இரண்டு பள்ளிகளையும் இதே முறையில் கொடுங்கள். வெட்டும் வேலையை, நெருக்கடி இல்லாத மாதத்தில், நான்கைந்து அடுக்கோடு தொடங்கலாம்: அவர் குறிக்கட்டும், நீங்கள் பார்த்த பிறகே கத்திரி வைக்கட்டும்.