செய்ததைப் பார்ப்பதா, செய்தவனைப் பார்ப்பதா?

"ஐயா, குற்றவியல் முதலாண்டு படிக்கிறேன். செவ்வியல் பள்ளி, நேர்க்காட்சிப் பள்ளி என்ற இரண்டு சிந்தனை மரபுகளையும் பெயர், ஆண்டு எல்லாம் சேர்த்து மனப்பாடமே செய்துவிட்டேன். ஆனால் ஒரு வழக்கைச் சொல்லி இதில் எந்தப் பள்ளியின் பார்வை இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறேன். கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?"
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

இருக்கிறது. பேசுகிறவர் எந்தக் காகிதத்தைக் கேட்கிறார் என்று பாருங்கள். "குற்றப்பத்திரிகை எங்கே, எந்தப் பிரிவு, என்ன சாட்சி?" என்று கேட்டால் அவர் செவ்வியல் பக்கம். "பையன் எப்படிப்பட்டவன், வீட்டு நிலைமை என்ன, யாரோடு சுற்றுகிறான்?" என்று விசாரித்தால் நேர்க்காட்சிப் பக்கம். முன்னவருக்குச் செய்த செயல் முக்கியம், பின்னவருக்குச் செய்த ஆள் முக்கியம். மற்ற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்ப்போம். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த ஒரு மொபெட்டை 19 வயதுப் பையன் தள்ளிக்கொண்டு போய் விற்கப் பார்க்கிறான், பிடிபடுகிறான். வண்டியின் மதிப்பு 30,000 ரூபாய். இதற்கு முன் அவன் மேல் வழக்கு எதுவும் இல்லை.

முதலில் செவ்வியல் பள்ளி. மிலான் நகரத்துக்காரரான பெக்காரியா 1764-இல் குற்றங்களும் தண்டனைகளும் பற்றித் தம் சிறு நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 26தான். அன்றைய ஐரோப்பாவில் நீதிபதி வைத்ததுதான் சட்டம். வாக்குமூலம் வாங்கச் சித்திரவதை செய்வார்கள். ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு தண்டனை. இதற்கு எதிராகத்தான் அவர் எழுதினார். மனிதன் லாப நஷ்டம் பார்த்து நடக்கிறவன், ஆகவே குற்றத்தால் கிடைக்கும் லாபத்தைவிடத் தண்டனை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும், அதற்கு மேல் போவது கொடுமை என்பது அவர் வாதம். தண்டனை கடுமையாக இருப்பதைவிட, நிச்சயமாகவும் சீக்கிரமாகவும் கிடைப்பதுதான் ஆளைத் தடுக்கும் என்றார். மரண தண்டனையையும் எதிர்த்தார். சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் பெந்தாம் இதே கணக்கை இன்னும் விரிவாகப் போட்டார்.

பெக்காரியாவின் கண்ணால் நம் மொபெட் வழக்கைப் பார்த்தால் கேள்விகள் கொஞ்சம்தான். பொருள் அசையும் பொருளா? வைத்திருந்தவரின் சம்மதம் இல்லாமல் எடுத்தானா? நேர்மையற்ற நோக்கத்தோடு அதை நகர்த்தினானா? ஆம் என்றால் திருட்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. பையன் ஏழையா, தகப்பன் குடிகாரரா என்பதெல்லாம் இந்தக் கேள்விகளுக்குள் வராது. அவனைவிட வசதியானவன் எடுத்திருந்தாலும் இதே பிரிவுதான். அந்தச் சமத்துவம்தான் இந்தப் பள்ளியின் பலம். வழக்கு நான்கு வருடம் இழுத்தடித்தால் பெக்காரியா தலையில் அடித்துக்கொள்வார். சட்டப் புத்தகத்தில் 3 ஆண்டை 10 ஆண்டாக மாற்றினாலும், பிடிபடுவோம் என்ற பயமே இல்லாதவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இந்தப் பள்ளியின் பலவீனமும் அந்தச் சமத்துவத்திலேயே இருக்கிறது. புரட்சிக்குப் பிறகு பிரான்சில் 1791-இல் போட்ட தண்டனைச் சட்டம், குற்றத்துக்குக் குற்றம் இவ்வளவு என்று தண்டனையை நிர்ணயித்து வைத்தது, நீதிபதி கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. பசிக்குத் திருடியவனும் தொழிலாகத் திருடுகிறவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். அது சரிப்படவில்லை. 1810-இல் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இடைவெளி விட்டார்கள். குழந்தைகள், மனநலம் குன்றியவர்கள் ஆகியோரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தும் வலுத்தது. புதுச்செவ்வியல் என்று உங்கள் புத்தகத்தில் வருவது இதுதான். நம் சட்டத்தில் 7 வயதுக்குக் குறைந்த குழந்தை செய்வது குற்றமே ஆகாது என்று இருப்பதும் இந்த வகைச் சிந்தனைதான்.

நேர்க்காட்சிப் பள்ளிக்கு வருவோம். சட்டம் படித்த பெக்காரியாவின் இடத்துக்கு இங்கே ஒரு மருத்துவர் வருகிறார், லொம்ப்ரோஸோ. குற்றம் செய்கிறவன் யோசித்து முடிவெடுத்துச் செய்கிறான் என்பதையே இவர் ஏற்கவில்லை. காய்ச்சலுக்குக் காரணம் இருப்பதுபோலக் குற்றத்துக்கும் காரணம் இருக்கும், அதை அளந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று கைதிகளின் மண்டையோட்டையும் தாடையையும் காதையும் அளந்தார். வில்லெல்லா என்ற கைதியின் மண்டையோட்டின் பின்பக்கத்தில் ஒரு குழியைப் பார்த்தவர், ஆதிகால மனிதனின் கூறு இன்னும் இவனிடம் மிச்சமிருக்கிறது என்று முடிவு கட்டினார். 1876-இல் குற்றவாளி மனிதன் பற்றிய அவருடைய நூல் வந்தது. சிலர் பிறவிக் குற்றவாளிகள் என்றார்.

இது தவறு என்று எப்படித் தெரிந்தது என்பதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், தேர்வைத் தாண்டியும் உதவும். இங்கிலாந்தில் கோரிங் என்ற சிறை மருத்துவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, அந்த அளவுகளைக் கைதிகள் அல்லாதவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டார். கைதிகளுக்கென்று தனி உடலமைப்பு எதுவும் இல்லை என்று 1913-இல் எழுதினார். லொம்ப்ரோஸோவின் ஒப்பீடுகள் ஒழுங்காக இல்லை. இன்றைக்கும் இதே தவறு நடக்கிறது. மதுரை மத்திய சிறையில் நூறு பேரிடம் பேசிவிட்டு, பாதிப் பேர் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர்கள், ஆகவே அதுதான் காரணம் என்று ஒருவர் கட்டுரை எழுதினால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அதே தெருவில், அதே வயதில், சிறைக்குப் போகாதவர்களில் எத்தனை பேர் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர்கள்? அந்த எண் இல்லாதவரை முந்தைய எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாருங்கள், லொம்ப்ரோஸோவைக் கவிழ்த்ததும் நேர்க்காட்சிப் பள்ளியின் சொந்த ஆயுதமான அளந்து ஒப்பிடுவதுதான். அவர் சொன்ன விடை போய்விட்டது, வழிமுறை நின்றுவிட்டது. அவருடைய மாணவர் ஃபெர்ரி வறுமை, வேலையின்மை, குடும்பம் போன்ற சமூகக் காரணங்களின் பக்கம் நகர்ந்ததால்தான் அந்தப் பள்ளி பிழைத்தது என்று சொல்வேன்.

சரி, மொபெட் வழக்குக்குத் திரும்புவோம். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே சிறைக்கு அனுப்பிவிட முடியுமா? முடியாது. இங்கேதான் நம் நீதிமன்றம் காகிதத்தை மாற்றுகிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 6-ஆவது பிரிவின்படி, 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும். சிறைதான் வேண்டும் என்றால் அதற்குக் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அந்த அலுவலர் பையனின் வீட்டுக்குப் போவார். அம்மாவிடம் பேசுவார், படித்த பள்ளியில் விசாரிப்பார், வேலை பார்த்த பட்டறையிலும் கேட்பார். திருட்டைப் பற்றி அவர் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பையனைப் பற்றித்தான் எழுதுவார். அறிக்கை நன்றாக இருந்தால் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, 3 ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தையில் விடலாம்.

ஆக ஒரே வழக்கில் இரண்டு பள்ளியும் அடுத்தடுத்து வந்துவிட்டன. குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும்வரை செவ்வியல், என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போது பெருமளவு நேர்க்காட்சி. தேர்வில் வழக்கைக் கொடுத்தால் இந்த இரண்டு கட்டத்தையும் பிரித்து எழுதுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு பொறி இருக்கிறது. செவ்வியல் என்றால் கடுமை, நேர்க்காட்சி என்றால் இரக்கம் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். தூக்கு வேண்டாம் என்று சொன்னவர் செவ்வியல் பெக்காரியா. திருத்தவே முடியாத ஆபத்தானவர்களைச் சமூகத்திலிருந்து அகற்ற வேண்டும், அதற்கு மரண தண்டனையும் சரி என்றவர் நேர்க்காட்சிக்காரரான கரோஃபலோ. செயலுக்குத் தண்டனை என்றால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது, 3 ஆண்டு முடிந்தால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். ஆளின் ஆபத்துக்குச் சிகிச்சை என்று வந்துவிட்டால், எப்போது குணமானான் என்று யார் சொல்வது? சின்னத் திருட்டுக்குக்கூடப் பல வருடம் பூட்டி வைக்கலாம் என்று ஆகிவிடும்.

நீங்கள் உசிலம்பட்டி என்பதால் கடைசியாக ஒன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தை லொம்ப்ரோஸோவின் விளைவு என்று எழுதுகிறவர்கள் உண்டு, எழுதிவிடாதீர்கள். அந்தச் சட்டம் வந்தது 1871-இல், அவருடைய நூலுக்கு 5 வருடம் முன்னால். சென்னை மாகாணத்துக்கு அது வந்தது 1911-இல். உங்கள் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும், இரவில் போலீஸ் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்றெல்லாம் ஆனது. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்து நின்ற மக்கள் மேல் போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

இந்தச் சட்டத்தை எந்தப் பள்ளியில் வைப்பீர்கள்? ஆளைப் பார்க்கிறதே, நேர்க்காட்சி என்று அவசரப்பட்டு எழுதத் தோன்றும். காகிதத்தைக் கேளுங்கள். செவ்வியல்காரர் கேட்கும் குற்றப்பத்திரிகை இதில் இல்லை, ஏனென்றால் பதியப்பட்டவர் எதையும் செய்திருக்க வேண்டியதே இல்லை. நேர்க்காட்சிக்காரர் கேட்கும் தனி ஆள் பற்றிய அறிக்கையும் இல்லை, ஒப்பீடும் இல்லை. கைரேகை, இவர் இன்னார் என்று சொல்லுமே தவிர, இவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. இருந்தது பிறந்த சாதியின் பெயர் மட்டும்தான். பிறவிக் குற்றவாளி என்ற எண்ணத்தோடு இதற்கு உறவு உண்டு, அதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். ஆனால் இரண்டு பள்ளிகளில் எதன் சோதனையிலும் இது தேறாது என்று காட்டுவதுதான் நல்ல விடை.